சிம்னியின் குழாய் நீளமும் வளைவுகளும் உறிஞ்சுதலை எவ்வளவு குறைக்கின்றன? எந்த அடுப்புக்கு எந்த அளவு பொருந்தும்?

நிலாமாடம்:
எங்கள் சமையலறையில் மணிக்கு 1200 கன மீட்டர் காற்றை இழுக்கும் என்று பெட்டியில் எழுதப்பட்ட 60 செ.மீ. அகலச் சிம்னி இருக்கிறது. அதன் வாய் 150 மி.மீ. விட்டம் கொண்டது. அங்கிருந்து வெளிச்சுவர் வரை 4.5 மீட்டர் நீளத்துக்கு, சுருக்கி விரிக்கக்கூடிய அலுமினியக் குழாய் மூன்று இடங்களில் செங்குத்தாகத் திரும்பிச் செல்கிறது. சிறிய அடுப்பில் எது வைத்தாலும் புகை மேலே போய்விடுகிறது. ஆனால் பெரிய பர்னரை முழுத் தீயில் வைத்துத் தாளித்தால் புகையில் பாதி முன்பக்கமாக வெளியே வந்து கூரையில் தங்குகிறது. இதை எடுத்துவிட்டு 1500 கன மீட்டர் சிம்னி வாங்கலாமா, அல்லது குழாயில்தான் குறை இருக்கிறதா என்பதை அறிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

கொத்தனார்மகன்:
இதில் குழப்பமே இல்லை. ஒவ்வொரு வளைவுக்கும் பத்து சதவீதம், ஒவ்வொரு மீட்டருக்கும் ஐந்து சதவீதம் என்று கழித்துக்கொண்டே போக வேண்டும். உங்களுக்கு மூன்று வளைவுகளில் முப்பது, நீளத்தில் இருபதுக்குமேல் என, பாதி போய்விடுகிறது. ஆகவே 1500 வாங்கினால் 750 கிடைக்கும், அது போதும். நான் வேலை செய்யும் வீடுகளில் இப்படித்தான் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

காற்றுவழி:
பாதி போய்விடுகிறது என்ற முடிவு உண்மைக்கு அருகில் இருக்கிறது. ஆனால் அங்கே போய்ச் சேர்ந்த வழி சரியல்ல. அந்த வழியைப் பிடித்துக்கொண்டு 1500 வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பெட்டியில் உள்ள 1200 என்பது குழாய் எதுவும் பொருத்தப்படாமல், எதிர்ப்பே இல்லாத நிலையில் விசிறி தள்ளும் காற்றின் அளவு. குழாயை மாட்டியவுடன் காற்று அதன் சுவரில் உரசுகிறது, வளைவில் சுவரை விட்டுப் பிரிந்து சுழல்கிறது, முடிவில் உள்ள மடலையும் வலையையும் தள்ளிக்கொண்டு வெளியேறுகிறது. இவை ஒவ்வொன்றுக்கும் அழுத்தம் செலவாகிறது. விசிறியால் தரக்கூடிய அழுத்தத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. அதிக அழுத்தம் தர வேண்டியிருக்கும்போது அது குறைவான காற்றையே தள்ளும். இவ்விரண்டும் எங்கே சமமாகின்றனவோ அதுதான் உங்கள் சமையலறையில் உண்மையாகக் கிடைக்கும் அளவு.

குழாய் கேட்கும் அழுத்தம் காற்றின் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். காற்றோட்டம் இரு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். பாதியானால் எதிர்ப்பு கால் பங்காகிவிடும். ஆகவே ஒரு வளைவுக்கு இத்தனை சதவீதம் என்று நிலையான எண் எதுவும் இருக்க முடியாது. குறைந்த காற்றை இழுக்கும் சிறிய சிம்னிக்கு அதே வளைவு பெரும்பாலும் உறுத்தவே செய்யாது. பெரிய சிம்னியை அது கடுமையாகப் பிடித்து இழுக்கும்.

கணக்குப் போட எனக்கு மூன்று தகவல்கள் வேண்டும். கையேட்டில் பாஸ்கல் என்ற அலகில் அதிகபட்ச அழுத்தம் ஏதாவது கொடுத்திருக்கிறார்களா? குழாயின் வெளிமுனையில் என்ன இருக்கிறது? அடுப்பின் பர்னர்கள் எத்தனை கிலோவாட்?

நிலாமாடம்:
கையேட்டில் 250 பாஸ்கல் என்று இருக்கிறது. வெளிமுனையில் காற்றுத் திரும்பி வராமல் தடுக்கும் மடல் மூடியும், அதற்கு உள்ளே பறவைகள் நுழையாமலிருக்கச் சிறு கண் வலையும் உள்ளன. அடுப்பு 75 செ.மீ. அகலம், நான்கு பர்னர்கள்: ஒன்று 1 கிலோவாட், இரண்டு 1.75 கிலோவாட், முன்பக்க வலதில் உள்ள மூவளையப் பர்னர் 5 கிலோவாட். சிம்னியின் அடிப்பாகம் அடுப்பிலிருந்து 80 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. முதல் வளைவு சிம்னியின் வாயை ஒட்டியே வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காற்றுவழி:
நன்றி. முதலில் மணிக்கு 600 கன மீட்டர் காற்று இந்தக் குழாயில் ஓட வேண்டுமானால் என்ன அழுத்தம் தேவை என்று பார்ப்போம். 150 மி.மீ. குழாயில் அந்த அளவு காற்று வினாடிக்கு 9.4 மீட்டர் வேகத்தில் ஓடும். அந்த வேகத்தில் ஓடும் காற்றின் இயக்க அழுத்தம் ஏறத்தாழ 53 பாஸ்கல். மற்ற எல்லாவற்றையும் இதன் மடங்காகவே கணக்கிடுகிறோம்.

உங்களுடையது போன்ற சுருக்கக் குழாயில், நன்றாக இழுத்து விரித்திருந்தாலும், மீட்டருக்கு ஏறத்தாழ 18 பாஸ்கல் செலவாகும், 4.5 மீட்டருக்கு 80. அந்தக் குழாயையே மடக்கி உண்டாக்கிய வளைவு ஒவ்வொன்றுக்கும் 32 வீதம் மூன்றுக்கும் 96. முனையில் மடலும் வலையும் காற்று வெளியேறும் இழப்பும் சேர்ந்து 107. மொத்தம் 283 பாஸ்கல். உங்கள் விசிறியோ காற்றே ஓடாமல் அடைத்து வைத்தாலும் 250 பாஸ்கலுக்கு மேல் தராது. ஆகவே 600 என்பது இந்தக் குழாயில் எட்டவே முடியாத எண்.

விசிறியின் முழு வளைகோடு நம்மிடம் இல்லை. ஆகவே ஒரு முனையில் 1200 கன மீட்டரும் மறு முனையில் 250 பாஸ்கலும் உள்ள எளிய வளைகோடு ஒன்றை எடுத்துக்கொண்டால், இரண்டும் சமமாகும் இடம் மணிக்கு ஏறத்தாழ 510 கன மீட்டரில் வருகிறது. வாயை ஒட்டிய வளைவுக்கு நான் தனியாக எதுவும் சேர்க்கவில்லை. விசிறியை விட்டு வெளிவரும் காற்று ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும் இடத்தில் வளைவு இருந்தால் இழப்பு மேலும் கூடும்.

இப்போது 1500 சிம்னிக்கு வருவோம். அதன் அதிகபட்ச அழுத்தமும் அதே 250 பாஸ்கலாக இருந்தால், இதே குழாயில் அது தருவது 528 கன மீட்டர். முந்நூறு கன மீட்டர் கூடுதலாக எழுதப்பட்ட சிம்னி உண்மையில் தருவது பதினெட்டு மட்டும். சத்தம் வேண்டுமானால் நன்றாகவே கூடும்.

கொத்தனார்மகன்:
இந்த எண்ணை என்னால் நம்ப முடியவில்லை. பெரிய சிம்னியின் மோட்டாரும் பெரியதுதானே? அழுத்தமும் கூடத்தானே செய்யும்?

காற்றுவழி:
கூடலாம், கூடாமலும் இருக்கலாம். அதனால்தான் பாஸ்கல் எண்ணைப் பார்க்கச் சொல்கிறேன். கன மீட்டர் எண்ணை உயர்த்த விசிறியை அகலமாக்கினால் போதும். அழுத்தத்தை உயர்த்த வேண்டுமானால் சக்கரத்தின் விளிம்பு வேகம் கூட வேண்டும், அதாவது விட்டம் பெரிதாக வேண்டும் அல்லது சுழற்சி கூட வேண்டும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது கன மீட்டர் எண். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருப்பது பாஸ்கல் எண். நீண்ட குழாய் உள்ள வீட்டுக்குப் பின்னதே முக்கியம். 1500 கன மீட்டரோடு 400 பாஸ்கலும் தரும் சிம்னி கிடைத்தால் இந்தக் குழாயிலேயே 650-ஐ ஒட்டிக் கிடைக்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அளவை உங்கள் பழைய சிம்னியிலேயே பெற முடியும்.

சுருக்கக் குழாயை எடுத்துவிட்டு, உட்புறம் வழவழப்பான தகட்டுக் குழாயை அதே பாதையில் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 600 கன மீட்டரில் மீட்டருக்கு 18 என்றிருந்தது 7 ஆகும். வளைவுக்குச் சீரான ஆரம் கொண்ட, அதாவது மையக்கோட்டின் ஆரம் குழாயின் விட்டத்துக்குக் குறையாத பெண்ட் போட்டால், ஒன்றுக்கு 32 என்பது 16 ஆகும். வலையை எடுத்துவிட்டு எளிதாகத் திறக்கும் மடல் மட்டும் வைத்தால் 107 என்பது 70-க்கு இறங்கும். மொத்தம் 150 பாஸ்கல். அதே விசிறி, அதே நீளம், அதே மூன்று வளைவுகள்; கிடைப்பது 650 கன மீட்டர். பாதையையே மாற்றி இரண்டு மீட்டரில் இரண்டு வளைவுகளோடு முடிக்க முடிந்தால் 710 வரை போகும்.

இதில் கவனிக்க வேண்டியது, நீளத்தைப் பாதிக்குமேல் வெட்டி ஒரு வளைவையும் நீக்கியதால் கிடைத்த லாபம் அறுபது. குழாயின் தரத்தையும் முனையையும் மாற்றியதால் கிடைத்தது நூற்று நாற்பது. பலரும் நீளத்தைக் குறைக்கச் சுவரை இடிக்கத் தயாராக இருக்கிறார்கள்; முனையில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசும் பிடித்து அடைந்துபோன வலையை யாரும் ஏறிப் பார்ப்பதில்லை.

மல்லிகைப்பந்தல்:
எனக்கும் இதே பிரச்சினைதான். என்னுடைய சிம்னியில் குழாயே இல்லை. காற்றைக் கரி ஃபில்டர் வழியாக வடிகட்டி மீண்டும் சமையலறைக்குள்ளேயே விடுகிறது. எனக்கு வளைவு எதுவும் இல்லாததால் முழு 1000 கன மீட்டரும் கிடைக்க வேண்டும் அல்லவா? ஆனாலும் ஆவி கூரையில் படிகிறதே, ஏன்?

காற்றுவழி:
அம்மா, உங்கள் நிலை வேறு. குழாய் இல்லாவிட்டாலும் கரி ஃபில்டரே ஓர் எதிர்ப்புதான். அது நிறைந்து கெட்டியாகும்போது எதிர்ப்பு ஏறிக்கொண்டே போகும். அதைவிட முக்கியமாக, கரி வாசனையை ஓரளவு பிடிக்கும். நீராவியையும் வெப்பத்தையும் பிடிக்காது. எரிவாயு எரியும்போது உண்டாகும் ஈரமும் அறையிலேயே தங்கிவிடும். கூரையில் ஆவி படிவதற்கு இழுவை குறைவு காரணமாக இருக்க வேண்டியதில்லை; அது வெளியே போக வழி இல்லை என்பதே காரணம். வெளிச்சுவர் எட்டும் தூரத்தில் இருந்தால், பல சிம்னிகளில் குழாய் வைக்கும் வாயும் மூடிய நிலையில் இருக்கும், கையேட்டைப் பாருங்கள்.

மரக்கதவு:
நிலாமாடம் கேட்டதைவிட என் நிலை மோசம். குழாய் முழுவதும் 150 மி.மீ. போட்டிருக்கிறேன், ஆனால் வெளிச்சுவரில் கான்கிரீட் இருப்பதால் 100 மி.மீ. துளைதான் போட முடிந்தது. 30 செ.மீ. நீளத்துக்கு மட்டும் 100 மி.மீ. குழாயும், அதற்குப் பின் மீண்டும் 150 மி.மீ. முனையும் வைத்திருக்கிறோம். ஒரு சாண் நீளம்கூட இல்லாத இறுக்கத்தால் பெரிதாக என்ன ஆகிவிடும் என்று பொருத்தியவர் சொன்னார்.

காற்றுவழி:
ஒரு சாணைவிட அது அதிகம்தான், அது போகட்டும். 100 மி.மீ. குழாயில் அதே 600 கன மீட்டர் வினாடிக்கு 21 மீட்டர் வேகத்தில் ஓடும். இயக்க அழுத்தம் 53-லிருந்து 270 பாஸ்கலாக எகிறும். அந்தத் துண்டில் உரசலால் ஆகும் இழப்பு சிறியது. ஆனால் அகலத்திலிருந்து குறுகலுக்கு நுழைவதிலும், குறுகலிலிருந்து திடீரென அகலத்துக்கு வருவதிலும் சேர்த்து அந்த ஒரு துண்டே ஏறத்தாழ 150 பாஸ்கல் கேட்கும். நான் மேலே கணக்கிட்ட வழவழப்பான 4.5 மீட்டர்க் குழாய் முழுவதும், மூன்று வளைவுகளும் முனையும் சேர்ந்து கேட்டதும் அதே 150-தான். நிலாமாடத்தின் விசிறியோடு அந்தத் துண்டைச் சேர்த்தால் 650 என்பது 500-க்குக் கீழே இறங்கிவிடும்.

குழாய் முழுவதுமே 100 மி.மீ. என்றால் நிலைமை இன்னும் கடுமை. வழவழப்பான குழாயாகவே இருந்தாலும் அதே பாதையில் 320 கன மீட்டர்கூடத் தேறாது. உரசல் இழப்பு விட்டத்தின் ஐந்தாம் மடியைப் பொறுத்தது என்பதால், 150-லிருந்து 100-க்கு இறங்கும்போது அது ஏழரை மடங்கு ஆகிறது. சிம்னியின் வாய் என்ன விட்டமோ அதற்குக் குறைவான குழாயை எந்த இடத்திலும் போடக் கூடாது என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். துளையைப் பெரிதாக்க முடியாவிட்டால், குறுகும் இடத்திலும் விரியும் இடத்திலும் படிப்படியாகச் சாயும் நீண்ட ரெட்யூசர் வையுங்கள்; விரியும் பக்கம்தான் அதிக இழப்பு தருவது, ஆகவே அங்கே சாய்வு மெதுவாக இருக்கட்டும்.

கொத்தனார்மகன்:
சரி, பெண்ட் பற்றி ஒரு கேள்வி. தகட்டு வேலை செய்பவர்கள் பெரும்பாலும் இரண்டு குழாய்களை 45 பாகையில் வெட்டி ஒட்டி, ஒரே மூலையாகத் திருப்பிவிடுகிறார்கள். அது எவ்வளவு கேட்கும்? பிவிசி குழாய் போட்டால் உள்ளே வழவழப்பு இன்னும் கூடுமே?

காற்றுவழி:
கூர்மூலைத் திருப்பம் சீரான பெண்டைப் போல நான்கு மடங்கு கேட்கும். நாம் எடுத்துக்கொண்ட காற்றோட்டத்தில் ஒன்றுக்கு 64 பாஸ்கல். வழவழப்பான நேர்க்குழாயில் ஒன்பது மீட்டருக்குச் சமம். அந்த வேலையை ஒப்புக்கொள்ள வேண்டாம். சீரான பெண்ட் கிடைக்காத இடத்தில் இரண்டு 45 பாகை எல்போக்களை இடையில் ஒரு நேர்த்துண்டு விட்டு வைத்தால் கூர்மூலையைவிட மிக நல்லது. முதல் திருப்பத்துக்கு முன்பு, முடிந்தால் 40 முதல் 45 செ.மீ. வரை நேராக மேலே போக விடுங்கள்.

பிவிசி காற்றோட்டத்துக்கு நல்லதே. ஆனால் 80 பாகை செல்சியஸை ஒட்டி அது இளகத் தொடங்கும். உள்ளே படியும் எண்ணெய் தீப்பிடித்தால் குழாயும் சேர்ந்து எரியும். 5 கிலோவாட் பர்னருக்கு மேலே அதை வைக்க நான் துணியமாட்டேன்.

அடுப்படிமேசை:
நான் அடுப்புகள் பொருத்தும் வேலையில் இருக்கிறேன். இந்த இழையில் எல்லோரும் குழாயையே பேசுகிறீர்கள். நிலாமாடம் சொன்னதில் என் கண்ணில் பட்டது வேறு: 75 செ.மீ. அடுப்புக்கு மேல் 60 செ.மீ. சிம்னி, அதுவும் 80 செ.மீ. உயரத்தில். புகை நேராக ஏறாது. ஏற ஏற விரியும், அறையில் ஆள் நடந்தாலே சாயும். பெரிய பர்னர் முன்பக்க ஓரத்தில் இருக்கிறது. அதன் மேல் அகன்ற பாத்திரம் வைத்தால் பாத்திரத்தின் விளிம்பு சிம்னியின் விளிம்பைத் தாண்டி நிற்கும். எத்தனை கன மீட்டர் இழுத்தாலும் தாண்டி நிற்கும் புகையை அது எட்டிப் பிடிக்காது. உறிஞ்சும் வாயிலிருந்து சற்று விலகினாலே காற்றின் வேகம் மிக விரைவாகக் குறைந்துவிடும்.

என் வழக்கம், அடுப்பின் அகலத்துக்குக் குறையாத சிம்னி. இடம் இருந்தால் இரு பக்கமும் 7 செ.மீ. கூடுதல். உயரம், கையேடு அனுமதிக்கும் குறைந்தபட்சத்தை ஒட்டி. எரிவாயு அடுப்புக்குப் பெரும்பாலும் அது 65 செ.மீ. இருக்கும். அடுப்பின் அகலத்தை வைத்தே சிம்னியின் அளவைச் சொல்லிவிடலாம். கிலோவாட் கணக்கெல்லாம் உணவகங்களுக்குத்தான்.

காற்றுவழி:
அகலத்தையும் உயரத்தையும் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் கிலோவாட் கணக்கு வீட்டுக்கும் தேவை என்பதே என் கருத்து. எரிவாயுவுக்கு நடைமுறையில் எடுத்துக்கொள்ளும் அளவு, பர்னரின் 1 கிலோவாட்டுக்கு மணிக்கு ஏறத்தாழ 60 கன மீட்டர். நிலாமாடத்தின் நான்கு பர்னர்களும் சேர்ந்தால் 9.5 கிலோவாட், தேவை 570 கன மீட்டர். இப்போது கிடைப்பது 510-க்கு மேல் இல்லை. ஃபில்டரில் எண்ணெய் படிந்தால் அதுவும் இல்லை. இந்த 570 என்பது குழாயின் வழியாக உண்மையில் ஓட வேண்டிய காற்று. பெட்டியில் தேட வேண்டிய எண் அன்று.

இரண்டு பர்னர்கள் மட்டும் உள்ள, மொத்தம் 5 கிலோவாட் அடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தேவை 300. அந்தக் காற்றோட்டத்தில் நாம் பார்த்த நல்ல குழாய் முழுவதும் கேட்பது 37 பாஸ்கல்தான். 500 அல்லது 600 என்று எழுதப்பட்ட சிறிய சிம்னியே, 200 பாஸ்கல் தரக்கூடியதாக இருந்தால், அதைச் சுலபமாகத் தரும். அந்த வீட்டுக்கு 1200 வாங்குவது வீண் இரைச்சல். அகலத்தை மட்டும் பார்த்திருந்தால் இரு பர்னர் அடுப்புக்கும் மூவளையப் பர்னர் உள்ள அடுப்புக்கும் ஒரே சிம்னியைச் சொல்லியிருப்போம்.

அடுப்படிமேசை:
நான்கு பர்னரையும் ஒரே நேரத்தில் முழுத் தீயில் யார் வைக்கிறார்கள்? 5 கிலோவாட் பர்னரும் ஒரு நடுத்தரப் பர்னரும் எரிந்தால் 7 கிலோவாட்டைத் தொடாது. உங்கள் கணக்குப்படியே ஏறத்தாழ 400 கன மீட்டர். அவருக்கு 510 கிடைக்கிறது, அப்படியும் புகை வெளியே வருகிறது. எனவே குற்றம் அகலத்தில்தான் இருக்கிறது.

காற்றுவழி:
அவருக்கு 510 கிடைக்கிறது என்று நான் சொன்னது காகிதக் கணக்கு. அளந்து பார்த்தால்தான் தெரியும். நிலாமாடம், சிறிய விசிறி வைத்த காற்றுவேகமானி யாரிடமாவது கிடைத்தால், ஃபில்டரின் முகப்பை ஒட்டிப் பல இடங்களில் வைத்துச் சராசரி வேகத்தை எடுங்கள். வினாடிக்கான மீட்டரை ஃபில்டரின் சதுர மீட்டர் பரப்பால் பெருக்கி, 3600-ஆல் பெருக்கினால் மணிக்கான கன மீட்டர் கிடைக்கும். சன்னல் மூடியிருக்கும்போது ஒரு முறை, திறந்திருக்கும்போது ஒரு முறை, குழாயைச் சிம்னியின் வாயிலிருந்து கழற்றிவிட்டு ஒரு முறை என அளவெடுங்கள்.

நிலாமாடம்:
கருவி கிடைத்து அளந்துவிட்டேன். ஃபில்டரின் பரப்பு 0.15 சதுர மீட்டர். சன்னல்கள் மூடியிருந்தபோது சராசரி 0.8, அதாவது 430 கன மீட்டர். சன்னலை ஒரு கையளவு திறந்தபோது 0.9, அதாவது 485. குழாயைக் கழற்றியபோது 1.9, அது 1000-க்கு மேல் போகிறது. கழற்றியவுடன் சத்தத்தின் தன்மையே மாறியது: குழாயோடு இருந்தபோது கீச்சென்று மெலிந்த ஓசை, கழற்றியபின் கனத்த இரைச்சல்.

காற்றுவழி:
மிகத் தெளிவான அளவுகள். விசிறியில் குறையில்லை, 1000-ஐ 485 ஆக்குவது குழாய்தான். வழி அடைபடும்போது இவ்வகை விசிறி சுமை குறைந்து வேகமாகச் சுழலும். அந்த மெலிந்த ஓசை அதனால் வந்திருக்கலாம். சன்னல் காட்டிய வேறுபாட்டையும் கவனியுங்கள். சிம்னி வெளியே தள்ளும் அளவுக்குக் காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். வழி இல்லாவிட்டால் அறையின் அழுத்தம் இறங்கி, அதுவும் குழாயின் எதிர்ப்போடு சேர்ந்துகொள்கிறது. வீட்டுக்குள்ளேயே சுடர் எரிந்து, புகைபோக்கி வழியே இயல்பாகக் கழிவு வெளியேறும் எரிவாயு வெந்நீர்க் கருவி இருந்தால் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அறையின் அழுத்தம் இறங்கினால் அதன் கழிவு வாயு, கார்பன் மோனாக்சைடு உட்பட, உள்ளே திரும்பும்.

பனைநிழல்:
இடையில் ஒன்று கேட்கிறேன். என் குழாய் ஒரு மீட்டர்தான், வளைவும் ஒன்றுதான். ஆனால் அது வெளிச்சுவருக்குப் போகாமல், கட்டடத்தில் பல வீடுகளுக்குப் பொதுவான செங்குத்துக் குழாயில் சேர்கிறது. காலையில் நன்றாக இழுக்கிறது, மாலையில் இழுப்பதே இல்லை. சில நேரம் பக்கத்து வீட்டு வாசனை என் சிம்னி வழியே வருகிறது. இதைக் கணக்குப் போட முடியுமா?

காற்றுவழி:
உங்கள் குழாயை மட்டும் வைத்துப் போட முடியாது. மாலையில் மற்றவர்களின் விசிறிகள் ஓடும்போது பொதுக் குழாயில் அழுத்தம் ஏறுகிறது. அது உங்கள் விசிறிக்கு எதிராக நிற்கிறது. எத்தனை விசிறிகள் ஓடுகின்றன, பொதுக் குழாயின் விட்டம் என்ன, உச்சியில் தனி விசிறி உண்டா என்பவை தெரியாமல் எந்த எண்ணும் ஊகமே. உங்கள் சிம்னியின் வாயில் உள்ள, காற்றைத் திரும்ப விடாத மடல் ஒட்டிக்கொள்ளாமல் மூடுகிறதா என்று பார்த்தால் வாசனையாவது நிற்கும். இழுவைக்குக் கட்டடம் முழுவதற்குமான தீர்வுதான் வேண்டும். அதிக அழுத்தம் தரும் சிம்னியை நீங்கள் வாங்கினால் உங்கள் புகை அடுத்த வீட்டுக்குப் போகும்.

நிலாமாடம்:
குழாய் வேலை முடிந்தது. அதே பாதையில் 150 மி.மீ. தகட்டுக் குழாய், சீரான மூன்று பெண்டுகள், வாய்க்கு மேல் 40 செ.மீ. நேர்த்துண்டு, முனையில் இலேசான மடல் மட்டும். பறவைக்காக, முனைக்கு வெளியே தள்ளி நிற்கும் அகலக் கண் கம்பிக் கூடு ஒன்றை வைத்தோம். இணைப்புகள் எல்லாவற்றிலும் அலுமினிய ஒட்டுநாடா சுற்றியாகிவிட்டது. சன்னலைச் சிறிது திறந்து அளந்ததில் சராசரி 1.15, அதாவது 620 கன மீட்டர். முன்பு மூன்றாம் வேகத்தில் வைத்த சமையலை இப்போது இரண்டாம் வேகத்தில் வைக்க முடிகிறது.

ஆனால் அடுப்படிமேசை சொன்னதும் மெய்யாகிறது. பெரிய பர்னரில் சிறிய பாத்திரம் வைத்தால் புகை முழுவதும் உள்ளே போகிறது. அகன்ற வாணலியை வைத்தால் முன்விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய திரை போல இன்னும் வெளியே வருகிறது. முன்பைவிடக் குறைவு, ஆனால் நிற்கவில்லை.

அடுப்படிமேசை:
இனி 90 செ.மீ. சிம்னிதான்.

காற்றுவழி:
அதற்குமுன் உயரத்தை இறக்கிப் பார்க்கலாம் என்பேன். 80-லிருந்து 68-க்கு இறக்கினால் புகை விரிய இடம் குறையும். குழாயின் நேர்த்துண்டும் 12 செ.மீ. நீளும், அதனால் வரும் இழப்பு ஒரு பாஸ்கல் கணக்கில்தான். தவிர, வெளியே வருவது முன்பக்கம். 90 செ.மீ. சிம்னி பக்கவாட்டில்தான் அகலம். முன்பின் ஆழம் பல வகைகளில் 60 செ.மீ. சிம்னிக்குச் சமமாகவே இருக்கும். வாங்குவதாக இருந்தால் ஆழத்தை அளந்து வாங்குங்கள்.

அடுப்படிமேசை:
ஆழம் பற்றிச் சொன்னது சரி. ஆனால் 68-க்கு இறக்கினால் உயரமானவர்களுக்குத் தலை இடிக்கும், பின்வரிசைப் பாத்திரமும் மறையும். பெரிய பர்னர் பின்வரிசையில் உள்ள அடுப்பாக இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

நிலாமாடம்:
அடுப்பை மாற்றும் எண்ணம் இல்லை. கையேட்டில் குறைந்தபட்சம் 65 என்றுதான் இருக்கிறது. தாங்கியில் இரண்டு துளை கீழே இறக்கினால் 70 வரை வரும். அதைச் செய்து பார்த்துவிட்டு அளவையும் படத்தையும் இங்கே இடுகிறேன்.